‘லீவ் வேணும் சார்’ விண்ணப்பமாக மாறும்போது நேரும் தவறுகள்

ஒரு மாணவர் தன் துறைப் பேராசிரியருக்கு அனுப்பிய செய்தி இது: “சார், அக்கா கல்யாணம். நாளைக்கும் மறுநாளும் வர முடியாது. லீவ் குடுங்க.” தெரிந்த ஆசிரியருக்கு இதுவே போதும். இதைக் கல்லூரி அலுவலகத்துக்கு விண்ணப்பமாக எழுதும்போது பெரும்பாலோர் ‘லீவ்’ என்பதை ‘விடுப்பு’ ஆக்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிக்கல் அந்தச் சொல்லில் இல்லை.

முதல் தவறு ‘நாளைக்கு’. 11ஆம் தேதி எழுதிய தாளை அலுவலர் 12ஆம் தேதி கையில் எடுத்தால், அவருக்கு ‘நாளை’ 13 ஆகிவிடும். வருகைப் பதிவேட்டில் குறிப்பவருக்குத் தேதியும் வேண்டும், மொத்தம் எத்தனை நாள் என்பதும் வேண்டும். ‘12 முதல் 14 வரை’ என்று மட்டும் எழுதினால் 14ஆம் தேதி வகுப்புக்கு வருவாரா, மாட்டாரா என்ற ஐயம் எழும். ‘மூன்று நாட்கள்’ என்று சேர்த்தால் அது தீரும்.

அடுத்தது, வினைமுடிவு. ‘வர முடியாது’ என்பது தகவல். அங்கே யாரும் எதையும் கேட்கவில்லை. ‘விடுப்பு தரவும்’ என்பதோ மேலிடத்துச் சுற்றறிக்கையின் குரல். முன்னால் ‘தயவுசெய்து’ போட்டாலும் கட்டளை கட்டளைதான். ‘அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடித்தால், முடிவு எடுப்பவர் அவர் என்பது வாக்கியத்திலேயே வந்துவிடும்.

மரியாதையைக் கூட்டப் போய், ‘தங்கள் பொற்பாதம் பணிந்து’ என்று தொடங்குவோரும் உண்டு. வேண்டாம். ‘தாழ்மையுடன்’ ஒருமுறை வந்தால் போதும். தொடக்கத்தில் ‘தங்கள்’ என்று எழுதிவிட்டு நடுவில் ‘நீங்க’ என்று நழுவுவதுதான் உண்மையில் கண்ணை உறுத்தும்.

திருத்திய வடிவம்:

அனுப்புநர்: (பெயர், பதிவு எண், ஆண்டு, துறை)
பெறுநர்: முதல்வர் அவர்கள், (கல்லூரியின் பெயர், ஊர்)
வழி: துறைத்தலைவர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: இரண்டு நாட்கள் விடுப்பு வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். என் தமக்கையின் திருமணம் நடைபெற உள்ளதால், 12.03.2026, 13.03.2026 ஆகிய இரண்டு நாட்கள் வகுப்புக்கு வர இயலாத நிலையில் உள்ளேன். எனவே, அவ்விரு நாட்களுக்கும் விடுப்பு அளிக்குமாறு தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இடம்:
நாள்: 11.03.2026

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

காரணம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டதைப் பாருங்கள். மண்டபம், முகூர்த்த நேரம், வீட்டில் ஆள் இல்லை என்ற கதையெல்லாம் அலுவலகத்துக்குத் தேவையில்லை. ஆதாரமாக அழைப்பிதழ் வைத்தால் கையொப்பத்துக்குக் கீழே ‘இணைப்பு: திருமண அழைப்பிதழ்’ என்று குறிப்பிட வேண்டும். ‘வழி’ என்று எழுதியிருப்பதால், துறைத்தலைவரின் கையொப்பம் பெற்ற பிறகே தாள் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.