காடா துணியில் நிறத்தை ஊறவிட்டு ஒரு கலர் ஃபீல்டு ஓவியம்

1952 அக்டோபரில் ஹெலன் ஃபிராங்கன்தாலர் என்ற 23 வயதுப் பெண், நியூயார்க்கில் தன் ஸ்டுடியோ தரையில் ஏறக்குறைய பத்தடிக்கு ஏழடி கான்வாஸை விரித்தார். அதில் எந்தப் பூச்சும் கிடையாது. கரிக்கோலால் சில கோடுகள் இழுத்துவிட்டு, டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த எண்ணெய் வண்ணத்தை ஊற்றினார். வண்ணம் துணிமேல் நிற்காமல் நூலுக்குள் இறங்கிவிட்டது. அந்த ஓவியம்தான் ‘மவுன்டன்ஸ் அண்ட் சீ’. அடுத்த ஆண்டு அதைப் பார்த்த ஓவியர்கள் மாரிஸ் லூயிஸும் கென்னத் நோலண்டும் தங்கள் வழியையே மாற்றிக்கொண்டார்கள். அகன்ற நிறப்பரப்புகளையே ஓவியமாக்கும் இந்தப் பாணிதான் கலர் ஃபீல்டு.

அதே காலத்தில் டி கூனிங் போன்றவர்கள் வரைந்த அரூப ஓவியங்களில் தூரிகைதான் கதாநாயகன். பூச்சிட்ட கான்வாஸில் வண்ணம் தடிப்பாக மேலேயே நிற்கும். கை எங்கே வேகமெடுத்தது, எங்கே தயங்கியது என்பதெல்லாம் தெரியும். பிடிக்கவில்லையென்றால் சுரண்டிவிட்டு மறுபடி போடலாம், டி கூனிங் அதைத்தான் ஓயாமல் செய்தார். ஊறவிடும் முறையில் கையின் தடம் பெரும்பாலும் மறைந்துவிடும், சுரண்டித் திருத்தவும் வழியில்லை. அதனால் முக்கால்வாசி வேலை ஊற்றுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் துணி. கடையில் கிடைக்கும் வெள்ளைக் கான்வாஸ் பெரும்பாலும் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசியது, இதற்கு உதவாது. பூச்சில்லாத பருத்திக் கான்வாஸோ கனமான காடா துணியோ ஒரு மீட்டர் வாங்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்துப்போல உருண்டு நின்றால் நெசவுக்குப் போட்ட கஞ்சி இன்னும் இருக்கிறது என்று பொருள். சுடுதண்ணீரில் ஊறவைத்து, அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டபின் மறுபடி சொட்டு விடுங்கள். உடனே உறிஞ்சினால் துணி தயார்.

அடுத்து வண்ணம். எண்ணெய் வண்ணம் வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் பூச்சில்லாத துணியை நாளடைவில் இற்றுப்போக வைக்கும், நிறத்தைச் சுற்றி எண்ணெய் வளையமும் படரும். அக்ரிலிக்கே போதும். ஒரு பங்கு வண்ணத்தோடு, நிறமில்லாத பசை போன்ற அக்ரிலிக் மீடியம் ஒரு பங்கு கலந்து, பால் பதம் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுங்கள். வெறும் தண்ணீரையே நிறைய ஊற்றினால் பிடிமானம் குறைந்து, காய்ந்தபின் தேய்த்தால் நிறம் விரலில் ஒட்டும். எந்தக் கலவையையும் துண்டுத் துணியில் போட்டுக் காயவைத்துப் பாருங்கள். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிவது காய்ந்ததும் நன்றாக வெளுத்துவிடும்.

இப்போது 60 செ.மீ.க்கு 90 செ.மீ. துணியில் மூன்று நிறம் வைப்போம்: நீலம், வெளிர் ரோஜா, மஞ்சள் காவி. தரையில் பிளாஸ்டிக் ஷீட்டும் அதன்மேல் ஒரு பழைய போர்வையும் விரித்து, துணியை அதன்மேல் போடுங்கள். வெறும் பிளாஸ்டிக் மேல் போட்டால் கசிந்த வண்ணம் அடியில் குட்டையாகத் தேங்கி, வேண்டாத இடத்தில் மேலேறும். மேல்பாதியை மட்டும் ஸ்பாஞ்சால் ஈரமாக்கிவிட்டு, ஒரு குவளை நீலத்தை அங்கே ஊற்றுங்கள். ஓரங்கள் புகைபோலக் கரையும். கீழே உலர்ந்த பகுதியில் ரோஜாவை ஊற்றுங்கள், ஓரம் ஓரளவு தெளிவாக நிற்கும். துணியின் ஒரு முனையைத் தூக்கினால் வண்ணம் எந்தப் பக்கம் ஓடும் என்பது உங்கள் கையில்.

காவியை மட்டும் உடனே போடாதீர்கள். ஈர நீலத்தோடு சேர்ந்தால் சேற்று நிறம்தான் மிஞ்சும். நீலம் முழுக்கக் காய்ந்தபின், அதன் ஓரத்தில் லேசாக ஏறும்படி ஊற்றுங்கள். காய்ந்த அக்ரிலிக் நூலின் துளைகளை ஓரளவு அடைத்துவிடுவதால், ஏறிய இடத்தில் காவி முன்போல ஊறாது. ஒன்றிரண்டு அடுக்கோடு நிறுத்துங்கள். அதிகமாகிவிட்டதா என்று அறிய, துணியைச் சாய்த்துப் பக்கவாட்டில் பாருங்கள். எங்காவது பளபளத்தால் வண்ணம் மேலே படிந்திருக்கிறது. பின்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். சரியாக ஊறியிருந்தால் அங்கேயும் நிறம் தெரியும்.

நடுவில் நிறமே படாத வெற்றுத் துணி கொஞ்சம் இருக்கட்டும். நிரப்பக் கை பரபரக்கும், விட்டுவிடுங்கள். அந்தப் பழுப்பு வெண்மை இந்த ஓவியத்தில் நாலாவது நிறம்.

காய்ந்தபின்தான் ஓவியத்தின் எல்லையை முடிவு செய்ய வேண்டும். ‘ட’ வடிவத்தில் வெட்டிய இரண்டு அட்டைகளைத் துணிமேல் நகர்த்தி, எந்தச் சதுரத்துக்குள் நிறங்கள் இறுகி நிற்கின்றன என்று பாருங்கள். சில நேரம் பாதித் துணியே வெளியே போகும், போகட்டும். சுற்றிலும் 5 செ.மீ. விட்டு வெட்டிச் சட்டத்தில் இழுத்து அடியுங்கள். வார்னிஷ் அடித்தால் வெற்றுத் துணி கறுத்துவிடும், அடிக்காதீர்கள். அழுக்குப் பட்டால் துடைக்க முடியாது என்பதால் சமையலறைப் பக்கச் சுவரில் மாட்ட வேண்டாம்.