பிழை விட்ட சொல்லை இருபது தரம் எழுத வைக்கிறீர்களா?

மகன் தரம் 3 படிக்கிறான். வெள்ளிக்கிழமைகளில் வகுப்பில் சொல்வதெழுதல் நடக்கும். போன தவணையில் ஒருநாள் பத்துக்கு ஐந்து எடுத்துக்கொண்டு வந்தான். பிழை விட்ட ஐந்து சொல்லையும் இருபது தரம் எழுது என்று குசினி மேசையில் இருத்திவிட்டு நான் புட்டு அவிக்கப் போனேன். கொஞ்ச நேரத்தில் "முடிஞ்சுது அம்மா" என்று சத்தம். கொப்பியைப் பார்த்தால் எல்லாம் அச்சடித்த மாதிரி நேராக இருக்கிறது, ஏனென்றால் பிள்ளை சொல்லையே எழுதவில்லை. மேலிருந்து கீழே முதலில் இருபது 'வா', பிறகு அதற்குப் பக்கத்தில் இருபது 'ழை', அப்புறம் இருபது 'ப்'. நானும் சின்னனில் அப்படித்தான் எழுதினேன், அதனால் ஏசவும் வாய் வரவில்லை.

நேராக எழுதினாலும் இதே கதைதான். முதல் தரம் எழுதும்போது மட்டும் பிள்ளை சொல்லைப் பார்க்கிறது, இரண்டாவதில் இருந்து மேல் வரியைப் பார்த்துக் கை தானாக ஓடுகிறது. முதல் வரியில் ஒரு புள்ளி விடுபட்டால் இருபது வரியிலும் விடுபடும். சொல்வதெழுதலில் நடப்பதோ இதற்கு நேர்மாறானது: கண்ணுக்கு முன்னால் சொல் இல்லை, நினைவில் இருந்து எடுக்க வேண்டும். எடுத்துப் பழகாத ஒன்றை வெள்ளிக்கிழமை மட்டும் எப்படி எடுப்பது?

ஆகவே எழுத வைப்பதென்றால் இப்படி வையுங்கள். சொல்லைப் பார்த்து ஒருதரம் வாசிக்கட்டும், எந்த எழுத்தில் தடக்குப்பட்டது என்று விரலை வைத்துக் காட்டட்டும். பிறகு அடிமட்டத்தாலோ கையாலோ மூடிவிட்டு எழுதட்டும். திறந்து, தானே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பிழை என்றால் மறுபடி பார்த்து, மூடி, எழுத வேண்டும். ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று தரம் போதும். ஐந்து சொல்லுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும், கை வலிக்காது.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதற்குப் பொருத்தமானது. திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு கிழமைக்குப் பிறகு, வாசித்ததை மூடிவிட்டு நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். அவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள், படித்ததும் உரைநடைப் பந்திகள். எட்டு வயதுப் பிள்ளையின் எழுத்துப்பிழைக்கு அதை அப்படியே அளவாக எடுக்க முடியாது. ஆனால் இருபது தரம் எழுதிய இரவில் எல்லாம் சரியாக வந்து, அடுத்த வெள்ளி திரும்பப் பிழைப்பது ஏன் என்று எனக்கு அதை வாசித்த பிறகுதான் விளங்கியது.

அடுத்த பிழை, எல்லாப் பிழையையும் ஒரே பிழையாகப் பார்ப்பது. மகன் அன்று எழுதியவை இவை: பள்ளிகூடம், பனகிழங்கு, முற்ரம், கிணரு, வாளைப்பளம். சிவப்புப் பேனைக்கு ஐந்தும் ஒன்றுதான். ஆனால் காரணம் வேறு வேறு, மருந்தும் வேறு வேறு.

முதல் இரண்டும் ஒற்று விடுபட்டவை. இதற்கு எழுதவே தேவையில்லை, எழுதியதை எழுதியபடியே வாசிக்கச் சொன்னால் போதும். தமிழில் இரண்டு உயிருக்கு நடுவில் தனியாக வரும் 'க' மெல்லென்றுதான் ஒலிக்கும், ஆகவே 'பள்ளிகூடம்' என்பது வாயில் 'பள்ளிஹூடம்' என்று வரும். பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிடும், பிழை எங்கே என்றும் தானே பிடித்துவிடும்.

'முற்ரம்' விதியால் திருந்தும். 'ற்' தன்னுடைய இனத்தோடுதான் இரட்டிக்கும், அதற்குப் பின்னால் 'ர' வராது. காற்று, நெற்றி, புற்று என்று நாலு சொல்லைக் காட்டினால் சரி.

'கிணரு' கொஞ்சம் சுவாரசியமானது. நாங்கள் கதைக்கும்போது தனியாக வரும் ர, ற இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கேட்காது, அதனால் பிள்ளையின் காதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சொல்லோடு 'இல்' சேர்த்துப் பார்த்தால் எழுத்து தன்னைக் காட்டிக்கொடுக்கும்: கிணறு கிணற்றில் ஆகிறது, சோறு சோற்றில், வயிறு வயிற்றில், சேறு சேற்றில். தெருவைப் பாருங்கள், அது தெருவில்தான். வீட்டில் புழங்கும் இந்த மாதிரிப் பெயர்ச்சொற்களில் இரட்டித்தால் பெரும்பாலும் 'று', இரட்டிக்காமல் 'வ்' வந்தால் 'ரு'. 'கிணத்தடி' என்று பேசிப் பழகிய பிள்ளைக்குக் 'கிணற்றடி' என்ற எழுத்து வடிவத்தையும் ஒருதரம் காட்ட வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் இந்த வழி வேலை செய்யாது.

மிச்சம் 'வாளைப்பளம்'. யாழ்ப்பாணத்தில் பேச்சில் ழ அநேகமாக ளவாகத்தான் வருகிறது, பிள்ளை கேட்டதை நேர்மையாக எழுதியிருக்கிறது. இதற்கு விதி கிடையாது, நினைவுதான். வாளை என்பது மீன் என்று சொன்னேன். மீனும் பழமும் சேர்ந்த ஒன்றை நினைத்து மகன் முகத்தைச் சுளித்தான். மூடி எழுதும் பயிற்சி உண்மையில் தேவைப்படுவது இந்த வகைக்குத்தான். அதாவது ஐந்து சொல்லில் ஒன்றே ஒன்று.

இன்னொன்று, நாங்கள் சொல்வதெழுதல் கொடுக்கும் விதம். "வாழ்ழ்ழை" என்று நாக்கை மடித்து இழுத்துச் சொல்கிறோம், பிள்ளை பென்சிலை வைத்தபடி எங்கள் முகத்தைப் பார்க்கிறது, நாங்கள் புருவத்தைச் சுருக்கியதும் அழிறப்பரை எடுக்கிறது. கடைசியில் பத்துக்குப் பத்து! அது எங்களுக்குக் கிடைத்த புள்ளி. வகுப்பில் ரீச்சர் சாதாரணமாகத்தான் சொல்லப்போகிறார். நீங்களும் பேசுகிற மாதிரியே சொல்லுங்கள், சொல்லை ஒரு வசனத்தில் வைத்துச் சொல்லுங்கள், எழுதி முடியும் வரை வேறெங்காவது பாருங்கள். நான் அப்பளம் பொரித்துக்கொண்டு கொடுக்கிறேன், அது வசதி.

வியாழன் இரவு எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏற்றும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். பிழைத்த அன்று ஒருதரம், அடுத்த நாள் ஒருதரம், மூன்று நாள் கழித்து ஒருதரம், பிறகு ஒரு கிழமை விட்டு ஒருதரம். இடையில் மறந்துபோவான், மறக்கத்தான் வேண்டும், மறந்ததைத் தேடி எடுக்கும்போதுதான் அது பதிகிறது. சரியாக வந்த சொல்லைப் பட்டியலில் இருந்து வெட்டிவிடுங்கள். ஒருநாள் விடுபட்டால் அடுத்த நாள் செய்யுங்கள், இதற்காக யாரும் குற்றவாளி ஆகத் தேவையில்லை.

இந்த முறை எல்லாருக்கும் பொருந்தாது. எழுத்துகளையே இன்னும் தடக்கித் தடக்கி வாசிக்கும் பிள்ளைக்குச் சொல்வதெழுதல் பயிற்சி பலன் தராது, அங்கே முதலில் வாசிப்பைப் பார்க்க வேண்டும். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் பிழை கூடினால் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். கூப்பிட்டால் திரும்பாத, ஒலிகளை அடிக்கடி மாற்றிக் கேட்கிற பிள்ளை என்றால் காதை. மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் அதே எழுத்துகளில் நின்றால் வகுப்பாசிரியரிடமும் குழந்தை வைத்தியரிடமும் கதையுங்கள், இன்னொரு ரியூசன் வகுப்பில் சேர்ப்பதற்கு முன்னால்.

எங்கள் வீட்டில் மூன்று கிழமையில் முற்றமும் கிணறும் வெட்டுப்பட்டன. பள்ளிக்கூடம் ஒருதரம் திரும்பிப் பிழைத்து, பிறகு போனது. வாழைப்பழத்தில் முதல் ழ சரியாகிவிட்டது, இரண்டாவது மட்டும் சில நாட்களில் இன்னமும் பிழைத்து 'வாழைப்பளம்' என்று வருகிறது. அது பட்டியலிலேயே இருக்கிறது, அடுத்த முறை புதன்கிழமை.