லாரி வாடகை ஒப்பந்தத்தில் டீசல் கூடுதல் கட்டண ஷரத்தை எழுதுவது எப்படி?

2021 டிசம்பரில் ஒரு வாடிக்கையாளருடன் ஓராண்டு சரக்குப் போக்குவரத்து ஒப்பந்தம் செய்தபோது, கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு ஒரு லோடுக்கு 24,000 ரூபாய் என்று வாடகை பேசினோம். சென்னையில் அன்று டீசல் லிட்டர் 91.43 ரூபாய். 2022 மார்ச் 22 முதல் விலை ஏறத் தொடங்கி, ஏப்ரல் 6 அன்று 100.94 ரூபாயில் நின்றது. எங்கள் ஒப்பந்தத்தில் கூடுதல் கட்டண ஷரத்து ஒன்று இருந்தது. ஆனாலும் மே மாதப் பணத்தில் ஒரு பகுதி எங்களுக்கு வரவில்லை. அந்தக் குறையைச் சரிசெய்து இன்று நான் பயன்படுத்தும் ஷரத்தை எப்படி எழுதுவது என்பதை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

முதற்படி: ஒரு ரூபாய்க்கு எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள்

பலரும் சதவீதத்தில் எழுதுகிறார்கள். "டீசல் எத்தனை சதவீதம் ஏறுகிறதோ அத்தனை சதவீதம் வாடகையும் ஏறும்" என்பது நான் அடிக்கடி பார்க்கும் வாசகம். 91.43 ரூபாய் 100.94 ஆனால் அது 10.4 சதவீத ஏற்றம்; 24,000 ரூபாயில் 10.4 சதவீதம் 2,496 ரூபாய். ஆனால் வாடகை முழுவதும் டீசல் அன்று. டிரைவர் சம்பளம், தவணை, காப்பீடு, டயர் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அவை டீசலோடு சேர்ந்து ஏறுவதில்லை. வாடிக்கையாளர் இதைக் கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது.

ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டு லிட்டரில் கணக்கிடுங்கள். கோயம்புத்தூர் - சென்னை தூரம் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். லோடு ஏற்றிய எங்கள் வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தருகிறது. எனவே ஒரு பயணத்துக்கு 125 லிட்டர் செலவாகிறது. டீசல் ஒரு ரூபாய் ஏறினால் நமக்கு 125 ரூபாய் கூடுதல் செலவு. 9.51 ரூபாய் ஏற்றத்துக்குக் கேட்க வேண்டியது 1,189 ரூபாய்தான். திரும்பும் வழியில் வேறு லோடு கிடைப்பதால் நான் ஒரு வழித் தூரத்தை மட்டும் எடுத்தேன். வண்டி வெறுமையாகத் திரும்ப வேண்டியிருந்தால் அந்த லிட்டரையும் முதலிலேயே சேர்த்துப் பேசுங்கள்.

மைலேஜை டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்க்கும் முறையில், குறைந்தது நான்கைந்து பயணங்களின் சராசரியாக எடுங்கள். ஒப்பந்தத்தில் அது மாறாத எண்ணாக இருக்க வேண்டும். பங்க் பில்லை இணைத்து உண்மைச் செலவைக் கேட்கும் முறையை நான் விரும்புவதில்லை. ஒவ்வொரு பில்லின் மீதும் சந்தேகம் எழுவதோடு, வண்டியைச் சிக்கனமாக ஓட்டும் டிரைவரின் உழைப்புக்கும் அங்கே பலன் இல்லை.

இரண்டாம் படி: எந்த விலை என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்

டீசல் விலை ஊருக்கு ஊர் மாறும்; ஒரே ஊரிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் சில காசுகள் வேறுபடலாம். அதனால் ஓர் ஊரையும் ஓர் எண்ணெய் நிறுவனத்தையும் குறிப்பிட வேண்டும். நாங்கள் எடுத்துக்கொண்டது இந்தியன் ஆயில் நிறுவனத்தின் சென்னைச் சில்லறை விலை. 'சில்லறை' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். 2022 மார்ச்சில் பங்க் விலை ஏறாமல் இருந்தபோதே மொத்தக் கொள்முதல் விலை லிட்டருக்கு 25 ரூபாய் அளவுக்கு உயர்ந்தது. வெறுமனே 'டீசல் விலை' என்று எழுதியிருந்தால் அந்த மாதத்தில் இரு தரப்பும் இரு வேறு விலைகளைக் காட்டியிருக்க முடியும்.

மூன்றாம் படி: எந்த நாளின் விலை?

நான் தவறியது இந்தப் படியில்தான். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். எங்கள் பழைய ஷரத்தில் அடிப்படை விலையும் மைலேஜும் தெளிவாக இருந்தன. ஆனால் புது விலை எந்த நாளுக்குரியது என்று எழுதவில்லை. மே மாதம் 1 முதல் 21 வரை ஆறு லோடுகள் அனுப்பினோம். அந்த நாட்கள் முழுவதும் டீசல் 100.94 ரூபாய். மே 22 அன்று கலால் வரிக் குறைப்பால் விலை 94.24 ரூபாய்க்கு இறங்கியது. நான் வழக்கம்போல் மாதக் கடைசியில் பில் போட்டேன். வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவு பில் தேதியின் விலையை எடுத்தது. அதன்படி ஒரு லோடுக்கு 351 ரூபாய்தான் கூடுதல். எங்கள் கணக்கில் 1,189. ஆறு லோடுகளில் 5,028 ரூபாய் வித்தியாசம். அவர்கள் விதியை மீறவில்லை. மீறுவதற்கு அங்கே விதியே எழுதப்படவில்லை.

எல்.ஆர். தேதி, அதாவது லோடு ஏற்றிய தேதியையே அடிப்படையாக வையுங்கள். 2017 ஜூன் 16 முதல் விலை தினமும் காலை 6 மணிக்கு மாற்றியமைக்கப்படுகிறது. தினசரி விலையைப் பின்தொடர்வது இரு தரப்புக்கும் சுமை. மாதத்தின் 1, 16 ஆகிய தேதிகளின் காலை விலையை அடுத்த பதினைந்து நாட்களுக்கு நிலைநிறுத்தினால் போதும். இடையில் 3 ரூபாய்க்கு மேல் மாறினால் மறுநாளிலிருந்தே புது விலை என்று சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் மார்ச் 22 போன்ற ஏற்றத்தில் நாமும், மே 22 போன்ற இறக்கத்தில் அவர்களும் ஏமாந்ததாக உணர்வோம்.

நான்காம் படி: வாசகமும் கணக்கும்

இப்போது நான் பயன்படுத்தும் வாசகம் இது:

"இந்தியன் ஆயில் நிறுவனத்தின் சென்னைச் சில்லறை டீசல் விலை லிட்டருக்கு ரூ. 91.43 என்ற அடிப்படையில் இவ்வாடகை நிர்ணயிக்கப்பட்டது. ஒவ்வொரு மாதமும் 1, 16 தேதிகளின் காலை 6 மணி விலை, அடுத்த மறுஆய்வுத் தேதிக்கு முந்தைய நாள் வரை ஏற்றப்படும் லோடுகளுக்குப் பொருந்தும். இடையில் அவ்விலை ரூ. 3-க்கு மேல் மாறினால், மறுநாள் முதல் மாறிய விலை பொருந்தும். அடிப்படை விலையிலிருந்து வித்தியாசம் ரூ. 1-ஐத் தாண்டினால், முழு வித்தியாசத்துக்கும் ரூபாய்க்கு ரூ. 125 வீதம் வாடகை கூட்டப்படும் அல்லது குறைக்கப்படும்."

எக்செல்லில் B1 அடிப்படை விலை, B2 பொருந்தும் விலை, B3 மைலேஜ், B4 தூரம் என்று வைத்தால் சூத்திரம் இவ்வளவுதான்:

```
=IF(ABS(B2-B1)<=1,0,ROUND((B2-B1)*B4/B3,0))
```

விடை கழித்தல் குறியோடு வந்தால் அத்தொகையை வாடகையில் குறையுங்கள். பில்லில் இதைத் தனி வரியாகக் காட்டி, மறுஆய்வு நாளின் விலைப் பக்கத்தை அச்செடுத்து இணைத்தால் கேள்விகள் பெரும்பாலும் நின்றுவிடும். தனி வரியாகக் காட்டினாலும் ஜி.எஸ்.டி. கணக்கில் இது வாடகையின் பகுதியே. வாடகைக்குரிய வரி விகிதம் இதற்கும் பொருந்தும். சுங்கச்சாவடிக் கட்டணத்தை இந்த ஷரத்துக்குள் கொண்டுவராதீர்கள். அது வேறு காரணத்தால் ஏறுவது, ரசீதோடு தனியாகக் கேட்கப்பட வேண்டியது.

பின்சேர்க்கை

இதைப் படித்த இரண்டு பேர் எழுப்பிய ஐயங்களால் இப்பகுதியைச் சேர்க்கிறேன். முதலாமவருடைய ஒப்பந்தத்தில் "ரூ. 2-க்கு மேல் ஏறினால் கூடுதல் கட்டணம்" என்று இருந்தது. விலை 5 ரூபாய் ஏறியபோது அவர் 5 ரூபாய்க்கும் கேட்டார்; எதிர்த்தரப்பு 3 ரூபாய்க்கு மட்டும் தந்தது. மேலே உள்ள வாசகத்தில் 'முழு வித்தியாசத்துக்கும்' என்ற சொற்கள் இருப்பது இதற்காகத்தான்.

இரண்டாமவர் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது வாடகையை உயர்த்திக்கொண்டார், ஆனால் பழைய அடிப்படை விலையை அப்படியே விட்டுவிட்டார். ஒரே டீசல் ஏற்றத்துக்கு வாடகையிலும் கூடுதல் கட்டணத்திலும் இருமுறை பணம் வந்தது. ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளர் அதைக் கண்டுபிடித்து, நிலுவைத் தொகையில் மொத்தமாகக் கழித்துக்கொண்டார். வாடகையை மாற்றும் நாளிலேயே, அன்றைய விலையை B1 கட்டத்திலும் ஒப்பந்தத்திலும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.