பச்சை உருளைக்கிழங்கும் முளையும்: கல்யாணச் சமையலில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

கும்பகோணம், மாயவரம் பக்கம் விசேஷச் சமையலுக்குப் புதிதாக வருகிற பையன்களைப் பார்க்கிறேன். கத்தி பிடிக்கத் தெரிகிறது, அடுப்பின் சூடு தெரிகிறது, ஆனால் உருளைக்கிழங்கு மூட்டையைப் பிரித்ததும் நாங்கள் எல்லாரும் ஒரு காலத்தில் செய்த அதே வேலையைத்தான் செய்கிறார்கள். மூட்டையைக் கவிழ்ப்பது, ஒரு தண்ணீர் அலசல், நேரே அண்டாவுக்குள். அழுகல் கிழங்கைத் தூக்கிப் போட யாருக்கும் சொல்லித்தர வேண்டாம், மூக்கே சொல்லிவிடும். பச்சைக்கும் முளைக்கும் நாற்றம் கிடையாது, அதனால்தான் அவை தப்பித்துப் பந்திக்கு வந்துவிடுகின்றன.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உருளைச் செடி தன்னைப் பூச்சியிடமிருந்து காத்துக்கொள்ள சோலனைன், சாக்கோனைன் என்று இரண்டு நஞ்சுகளைத் தானே தயாரிக்கிறது. நல்ல கிழங்கிலும் இது உண்டு, ஆனால் நம்மை ஒன்றும் செய்யாத அளவில். கிழங்கின் மேல் வெளிச்சம் பட்டால், முளை வந்தால், அடிபட்டால், வெட்டுப்பட்டால் அளவு ஏறுகிறது. ஏறுகிறபோது பெரும்பகுதி தோலிலும், தோலுக்குக் கீழே ஒன்றிரண்டு மில்லிமீட்டரிலும், கண்களைச் சுற்றியும்தான் சேரும். முளையில்தான் ரொம்ப அதிகம்.

பச்சை நிறம் தனி விஷயம். அது இலையில் இருக்கிற அதே பச்சையம், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் எந்த வெளிச்சம் பச்சையத்தை வரவழைக்கிறதோ அதே வெளிச்சம்தான் நஞ்சையும் ஏற்றுகிறது, அதனால் பச்சையைப் பார்த்தால் இந்தக் கிழங்கு வெயிலிலோ டியூப் லைட்டின் கீழோ கிடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். திருப்பிப் போட்டால் கணக்கு சரிவராது: இருட்டில் கிடந்து நீளமாக முளைவிட்ட கிழங்கில் பச்சை துளிகூட இருக்காது, நஞ்சு இருக்கும்.

வேகவைத்த பிறகு தோல் உரிப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது தவறு என்றே பலருக்குத் தெரியாது.

மசாலா, பொடிமாஸ், போண்டா எதுவானாலும் நம் பழக்கம் முழுக்கிழங்கை வேகவைத்து, சூடு ஆறியதும் தோலை உரிப்பது. நல்ல கிழங்குக்கு இது அருமையான முறை, சதை வீணாகாது. பச்சைக் கிழங்குக்கு இதைவிட மோசமான முறை இல்லை. வெந்த கிழங்கில் நகத்தால் இழுத்தால் வருவது காகிதம் போன்ற மேல்தோல் மட்டும். அதற்குக் கீழே நஞ்சு சேர்ந்திருக்கிற அந்த மெல்லிய சதை அப்படியே கிழங்கோடு தங்கிவிடும். தோலோடு வேகும்போது தோலில் இருப்பதில் கொஞ்சம் சதைக்குள் இறங்கவும் செய்யலாம். அதோடு, வேகும்போது பச்சையம் நிறம் மாறி மங்கலான பழுப்புப் பச்சையாகிவிடுகிறது. புளிக்குழம்பில் போட்ட கீரை நிறம் மாறுமே, அதேதான். மேலே மஞ்சள்தூள் விழுந்துவிட்டால் எது பச்சையாக இருந்தது என்று சமைத்தவனாலேயே கண்டுபிடிக்க முடியாது.

நான் நேரில் பார்த்த ஒன்று. திருவையாறு பக்கம் ஒரு கிரகப்பிரவேசம். மூட்டை இரண்டு நாள் முன்பே வந்து இறங்கி, வாய் பிரிந்த நிலையில் திண்ணையில் வெயில் படும் இடத்தில் கிடந்திருக்கிறது. அடியில் இருந்தவை நன்றாக இருந்தன, மேலடுக்கில் இருந்தவற்றுக்கு ஒரு பக்கம் பச்சை. ஊட்டிக் கிழங்கு என்பதால் மேலே மண் ஒட்டியிருந்தது, நிறம் தெரியவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு பையன் பாதி மூட்டையை அண்டாவில் போட்டுக் கொதிக்கவிட்டிருந்தான். வேகாத கிழங்கு ஒன்றை எடுத்துத் தேய்த்துக் கழுவிக் காட்டினேன். "வெந்தா எல்லாம் போயிடும் மாஸ்டர், கருணைக்கிழங்கே புளித்தண்ணி விட்டா அடங்கிடுதே" என்றான்.

இந்தப் பதில்தான் எனக்கு இன்றும் எரிச்சல். அவன் மேல் இல்லை, அவனுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல். கருணையும் சேம்பும் அரிப்பது ஊசி ஊசியாக இருக்கிற ஆக்சலேட் படிகங்களால், நன்றாக வேகவைத்துப் புளியும் சேர்த்தால் அந்த அரிப்பு அடங்குகிறது. உருளையின் நஞ்சு வேறு ஜாதி. சாதாரணத் தண்ணீரில் அது லேசில் கரையாது, அதனால் வடித்துக் கொட்டினாலும் போகாது. அண்டாவில் தண்ணீர் 100 டிகிரி, குக்கருக்குள் ஏறக்குறைய 120, வறுக்கிற எண்ணெய் 170, 180. இந்த நஞ்சு கணிசமாகக் குறைய 200 டிகிரியைத் தாண்ட வேண்டும். அதாவது நம் அடுப்படியில் செய்கிற எந்த வேலையும் அதை நம்பும்படி போக்காது. அன்று அந்த அண்டாவைக் கொட்டச் சொன்னேன், வீட்டுக்காரருக்குக் கோபம், புதுக் கிழங்கு வாங்க ஆள் அனுப்பி பந்தி தாமதமானது. வெந்த பிறகு நல்லதையும் கெட்டதையும் பிரிக்க வழி இல்லை என்பதால்தான் முழு அண்டாவும் போனது. வேகுமுன் பார்த்திருந்தால் மேலடுக்குக் கிழங்கு மட்டும்தான் நஷ்டம்.

இவ்வளவு பயப்பட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கிலோ கிழங்கில் 200 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம் என்பது பல நாடுகள் ஏற்றுக்கொண்ட வரம்பு, நல்ல கிழங்கில் பெரும்பாலும் 100-க்குக் கீழேதான் இருக்கும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம் போனாலே வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். பச்சைபிடித்த கிழங்கில் 300 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 100 கிராம் சாப்பிட்டால் 30 மில்லிகிராம் உள்ளே போகும். 60 கிலோ ஆளுக்கு அது கிலோவுக்கு அரை மில்லிகிராம், பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. 15 கிலோ குழந்தைக்கு அதுவே 2. ஒரே கரண்டி மசாலா, அப்பா நன்றாக இருப்பார், பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை ராத்திரி வாந்தி எடுக்கும்.

ராத்திரி என்று சும்மா சொல்லவில்லை. பல நேரம் இது சாப்பிட்ட உடனே காட்டாது, பல மணிநேரம் கழித்துத்தான் வயிற்றைப் பிடிக்கும். 1969-ல் லண்டனில் ஒரு பள்ளியில் மதியச் சாப்பாடு சாப்பிட்ட 78 மாணவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனது, 17 பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். 7 முதல் 19 மணி நேரம் கழித்துத்தான் அவர்களுக்குத் தொந்தரவு தொடங்கியது. காரணம், கோடைப் பருவத்திலிருந்து மிச்சமாகக் கிடந்த ஒரு மூட்டை உருளை. எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். நம் ஊரில் இப்படி நடந்தால் பழி பாயசத்தின் மேலும் தயிர்ப் பச்சடியின் மேலும்தான் விழும், உருளையை யாரும் நினைக்க மாட்டார்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? கிழங்கு பச்சையாக, அதாவது வேகாமல் இருக்கும்போதே மண் போகத் தேய்த்துக் கழுவி, பகல் வெளிச்சத்தில் கொட்டிப் பாருங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் வெளிர் பச்சை ஏமாற்றிவிடும். சிவப்புத்தோல் கிழங்கானால் நகத்தால் தோலைச் சுரண்டி அடியில் என்ன நிறம் என்று பார்க்க வேண்டும். சந்தேகம் உள்ளதை ஒதுக்கி, வெட்டிப் பார்த்து, வேகுமுன்பே தோலைத் தடிமனாகச் சீவிவிட்டு அப்புறம் வேகவையுங்கள். சந்தேகக் கிழங்கைத் தோலோடு வேகவைக்கவே கூடாது.

எதை வெட்டி வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும்

கிழங்கு கல் மாதிரி கெட்டியாக இருந்து, முளை இப்போதுதான் வெள்ளையாகத் தலைகாட்டுகிறது என்றால் பயப்பட வேண்டாம். முளையை ஒடித்தால் மட்டும் போதாது, கண்ணையும் அதைச் சுற்றிய சதையையும் கத்தி முனையால் குழியாகத் தோண்டி எடுங்கள். ஒரு மூலையில் காசளவு பச்சை இருந்தால் அந்த இடத்தை அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சீவி, மீதம் வெள்ளையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் சமைக்கலாம்.

பச்சை பல இடத்தில் படர்ந்திருந்தாலோ, வெட்டிப் பார்க்கும்போது உள்ளேயும் பச்சை ஓடியிருந்தாலோ, முளை விரல் நீளம் வந்து கிழங்கு சுருங்கித் தொளதொளவென்று ஆகியிருந்தாலோ யோசிக்காமல் போட்டுவிடுங்கள். சீவிச் சீவி மிஞ்சுவது கொஞ்சம்தான், அதையும் நம்ப முடியாது. சின்னக் குழந்தைக்கு மசித்துக் கொடுக்கவும், கர்ப்பிணிக்கும், லேசான பச்சை உள்ளதைக்கூட எடுக்காதீர்கள்.

சமைத்த பிறகு கசந்தால்

நிறுத்துங்கள். உப்பு, புளி, வெல்லம் எதுவும் சேர்க்க வேண்டாம், கொட்டுங்கள். கசப்போ தொண்டையில் எரிச்சலோ தெரிகிற அளவு வந்துவிட்டால் நஞ்சு வரம்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் கசக்கவில்லை என்பதை வைத்து நல்லது என்று முடிவு கட்டாதீர்கள், காரமும் பூண்டும் கசப்பை மறைத்துவிடும்.

மலிவாகக் கிடைக்கிறது என்று மூட்டையாக வாங்குவது

நம் டெல்டாவில் உருளை விளைவதில்லை. ஊட்டி, மேட்டுப்பாளையத்திலிருந்தும் வடக்கே குளிர்கிடங்குகளிலிருந்தும் லாரியில் வந்து, மொத்தக் கடையில் கிடந்து, சில்லறைக் கடையில் விளக்கின் கீழ் கிடந்து அப்புறம்தான் நம் கைக்கு வருகிறது. குளிர்கிடங்கிலிருந்து நம் வெக்கைக்கு வந்த கிழங்கு சீக்கிரமே கண் திறந்துவிடும். இருட்டான, காற்றோடும் மூலையில் சாக்கில் கட்டி வைத்தாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குமேல் நம்பாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதுவும் குறையும். விசேஷத்துக்கு முந்தின நாள் இறக்கினால் போதும், இறக்கியதும் சாக்கின் வாயைக் கட்டி உள்ளே வையுங்கள்.

பாலிதீன் பையில் வைப்பது

கூடாது.

யாருக்காவது தொந்தரவு வந்தால்

பெரியவர்களுக்கு லேசான வாந்தி, போக்கு என்றால் உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுத்துப் பார்க்கலாம். குழந்தையாக இருந்தால், வாந்தி நிற்காவிட்டால், மயக்கமோ குழப்பமோ தெரிந்தால் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதோடு எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள். தொந்தரவு தாமதமாக வருவதால், மதியச் சாப்பாட்டைச் சொல்லாமல் கடைசியாகக் குடித்த காபியைச் சொல்கிறவர்கள்தான் அதிகம்.

கழுநீர்த் தொட்டியில் போடுவது

சீவிய பச்சைத் தோலையும் ஒடித்த முளையையும் எடுத்து மாட்டுக்கு வைக்கிற கழுநீர்த் தொட்டியில் கொட்டுகிறார்கள். நல்ல தோல் போகலாம், இது போகக் கூடாது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் இதே நஞ்சுதான், அதுவும் மூட்டைக்கணக்கில் சமைக்கிற இடத்தில் ஒரே மாடு ஒரே நேரத்தில் நிறையத் தின்றுவிடும். ஆடு மாடு வாய் வைக்காத இடத்தில் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.