கேஷ் மெமரி கணக்கில் 6.9 வருமா, 7 வருமா?

கேஷ் நேரம் 2 நானோசெகண்ட், மெயின் மெமரி 100, ஹிட் ரேஷியோ 95%, சராசரி அணுகல் நேரமான AMAT எவ்வளவு என்று கேள்வி வந்தால் உடனே பெருக்கத் தொடங்காதீர்கள். மிஸ் ஆன பிறகுதான் மெமரிக்குப் போகிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் கேஷில் தேடிய 2 எல்லா அணுகலுக்கும் சேரும்:

`AMAT = 2 + 0.05 × 100 = 7 ns`

இரண்டிலும் ஒரே நேரத்தில் தேடுவதாகக் கேள்வியிலேயே சொல்லியிருந்தால் மட்டும்:

`0.95 × 2 + 0.05 × 100 = 6.9 ns`

கொள்குறி வினாவில் பெரும்பாலும் இரண்டு விடையுமே இருக்கும், அதுதான் பொறி! எதுவும் சொல்லாவிட்டால் முதல் முறையையே போடுங்கள். எழுத்துத் தேர்வென்றால் அந்த அனுமானத்தை ஒரு வரியில் குறித்துவிடுங்கள். அப்புறம், 0.05-க்குப் பதில் 0.95-ஐப் பெருக்கினால் 97 வரும்; கேஷ் இருந்தும் கிட்டத்தட்ட மெமரி வேகம்தான் என்றால் எங்கோ தவறு.