கிராஜுவிட்டிக்கும் விடுப்புப் பணத்துக்கும் கம்பெனி வரி பிடித்துவிட்டதா? ரிட்டர்னில் சரிசெய்யும் முறை

தனியார் நிறுவனத்திலிருந்து ஓய்வு பெறுகிறவர்களுக்குக் கடைசி செட்டில்மெண்டில் கிராஜுவிட்டியும், சேர்த்து வைத்த விடுப்புக்கான பணமும் ஒன்றாக வரும். சம்பளப் பிரிவில் அதை மொத்தமாக அந்த மாதச் சம்பளத்தோடு கூட்டி, 30 சதவீத விகிதம் வரை வரி பிடித்துக் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. பிடித்த வரி அரசாங்கத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதால் கம்பெனி அதைத் திருப்பித் தர முடியாது. ஆனால் வரிவிலக்கு என்பது சட்டம் உங்களுக்குக் கொடுத்தது. கம்பெனி ஃபார்ம் 16-ல் காட்டவில்லை என்பதால் அந்த உரிமை போய்விடாது. ரிட்டர்னில் நீங்களே கோரலாம்.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. 1995 நவம்பர் 1-ல் சேர்ந்தார், 2024 மே 31-ல் ஓய்வு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 78,000 ரூபாய். கிராஜுவிட்டி 13,05,000. மீதமிருந்த 240 நாள் விடுப்புக்கு 6,24,000. மற்ற படிகளும் சேர்த்து ஏப்ரல், மே மாதச் சம்பளம் 1,90,000. ஆக, ஃபார்ம் 16-ல் மொத்தச் சம்பளம் 21,19,000. 2024-25 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில், ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் என்ற நிலைக்கழிவு 75,000 போக மீதிக்கு 3,15,328 ரூபாய் டி.டி.எஸ். பிடித்திருக்கிறார்கள்.

முதல் படி: ஃபார்ம் 16-ன் பகுதி B-யைத் திறங்கள்

மொத்தச் சம்பளத்துக்குக் கீழே, 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 10-ன்படி விலக்கு பெறும் தொகைகளுக்கு ஒரு பகுதி இருக்கும். அதில் 10(10) கிராஜுவிட்டிக்கு, 10(10AA) விடுப்புப் பணத்துக்கு. நம் உதாரணத்தில் இரண்டுமே பூஜ்யம். சில ஃபார்ம்களில் பூஜ்யம் இருக்காது, ஆனால் கிராஜுவிட்டிக்குப் பழைய 10 லட்சம், விடுப்புக்குப் பழைய 3 லட்சம் என்று நிறுத்தியிருப்பார்கள். அதுவும் இதே தவறுதான். ரிட்டர்னில் சரிசெய்யும் வழியும் இதேதான்.

ஓய்வு பெற்று அதிக நாள் ஆகவில்லை என்றால் முதலில் கம்பெனிக்கு மெயில் எழுதிப் பாருங்கள். அவர்கள் டி.டி.எஸ். கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்து புது ஃபார்ம் 16 கொடுத்தால் பின்னால் வரித்துறையிலிருந்து கேள்வியே வராமல் போகலாம். செய்ய மறுத்தாலும், அந்த மெயிலும் பதிலும் பத்திரமாக இருக்கட்டும்.

இரண்டாம் படி: விலக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்

முழுத் தொகையையும் விலக்கு என்று போட்டுவிடுவதும் தவறுதான். அரசு ஊழியருக்கு மட்டுமே இரண்டும் முழுக்க விலக்கு. பொதுத்துறை வங்கி, பொதுத்துறை நிறுவனம் எல்லாம் இந்தக் கணக்கில் அரசு வேலை ஆகாது.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த கிராஜுவிட்டிச் சட்டம் 1972 பொருந்திய நிறுவனமாக இருந்தால், கையில் வந்தது, 20 லட்சம், கீழே உள்ள சூத்திரம், இந்த மூன்றில் எது குறைவோ அது விலக்கு.

```
கடைசி மாத (அடிப்படை + பஞ்சப்படி) × 15/26 × ஆண்டுகள்
78,000 × 15/26 × 29 = 13,05,000
```

அவருடைய சர்வீஸ் 28 ஆண்டு 7 மாதம். ஆறு மாதத்துக்கு மேல் போனால் அது முழு ஆண்டாகிவிடும் என்பதால் 29. கிடைத்ததும் 13,05,000 தான். முழுவதும் விலக்கு.

விடுப்புப் பணத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். இங்கே ஒப்பிட வேண்டியவை நான்கு: கையில் வந்த தொகை, பத்து மாதச் சராசரிச் சம்பளம், மீதமிருந்த விடுப்புக்குச் சராசரிச் சம்பளப்படி வரும் மதிப்பு, 25 லட்சம். நான்கில் குறைந்ததுதான் விலக்கு. கம்பெனி கடைசி மாதச் சம்பளத்தில் பணம் கொடுக்கிறது. சட்டமோ ஓய்வுக்கு முந்தைய பத்து மாதச் சராசரியைப் பார்க்கிறது. ஏப்ரலில் சம்பள உயர்வு வந்திருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. இவருக்கு 2023 ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை 73,000. ஏப்ரல், மே 78,000.

```
சராசரி: (73,000 × 8 + 78,000 × 2) / 10 = 74,000
பத்து மாதச் சம்பளம்: 7,40,000
240 நாள் = 8 மாதம்: 74,000 × 8 = 5,92,000
கையில் வந்தது: 6,24,000
```

குறைந்தது 5,92,000. அதுதான் விலக்கு. மீதி 32,000-க்கு வரி உண்டு, அதைக் கோரக் கூடாது. கம்பெனி ஆண்டுக்கு 30 நாளுக்கு மேல் விடுப்பு கொடுத்துச் சேர்த்திருந்தால், ஆண்டுக்கு 30 நாள் என்ற அளவில் இருப்பைக் குறைத்துத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும். இங்கே ஆண்டுகளை எண்ணும்போது முழு ஆண்டுகள் மட்டுமே. உதிரி மாதங்களைச் சேர்க்கக் கூடாது. இவர் நிறுவனம் 24 நாள்தான் கொடுத்தது, அதனால் 240 நாளும் செல்லும்.

இன்னும் மூன்று விஷயம் கவனியுங்கள். 25 லட்ச வரம்பு 2023 ஏப்ரல் 1 முதல்தான். அதற்கு முன் ஓய்வு பெற்றவருக்கு வரம்பு 3 லட்சம். 20 லட்சம், 25 லட்சம் இரண்டும் வாழ்நாள் வரம்பு. முன்பு வேறு கம்பெனியில் இருந்து வரும்போது விலக்கு பெற்றிருந்தால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். வேலையில் இருக்கும்போதே விடுப்பை விற்று வாங்கிய பணத்துக்கு இந்த விலக்கு கிடையாது.

மூன்றாம் படி: ரிட்டர்னில் போடுவது

புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த இரண்டு விலக்குகளும் உண்டு. இது தெரியாமல் பழைய முறைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த விலக்குக்காக மட்டும் அப்படிப் போகத் தேவையில்லை.

சம்பளப் பகுதியைத் திறந்தால் 21,19,000 ஏற்கனவே நிரம்பியிருக்கும். அதைத் தொடாதீர்கள். விலக்கைக் கழித்துவிட்டு சம்பளமாக 2,22,000 என்று போட்டால், கம்பெனி அனுப்பிய தகவலோடு ரிட்டர்ன் முட்டும். கேள்வியை நீங்களே கூப்பிட்ட மாதிரி ஆகும். மொத்தம் மொத்தமாகவே இருக்கட்டும். அதற்குக் கீழே பிரிவு 10 விலக்குகளைச் சேர்க்கும் பட்டியலில், 10(10) என்பதைத் தேர்ந்து 13,05,000 போடுங்கள். உட்பிரிவு கேட்டால் கிராஜுவிட்டிச் சட்டம் பொருந்துகிறவர் (ii) என்பதை எடுக்க வேண்டும். அடுத்த வரியில் 10(10AA), 5,92,000. வேலை வகையில் தனியார் ஊழியர் Others என்று எடுக்க வேண்டும்.

ரிட்டர்னின் வேறொரு இடத்தில் வரியில்லா வருமானத்தைத் தகவலுக்காகக் காட்டும் பகுதி உண்டு. சிலர் இந்தத் தொகையை அங்கே எழுதிவிடுகிறார்கள். அது சம்பளத்திலிருந்து கழியாது, வரி அப்படியே நிற்கும்.

அந்த ஆண்டு இவருக்கு வங்கி வட்டி 30,000 தவிர வேறு வருமானம் இல்லை என்று வைத்துக்கொண்டு, இப்போது கணக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள்.

```
மொத்தச் சம்பளம்            21,19,000
விலக்கு (13,05,000 + 5,92,000)  18,97,000
மீதி                        2,22,000
நிலைக்கழிவு                  75,000
சம்பள வருமானம்             1,47,000
வங்கி வட்டி                   30,000
மொத்த வருமானம்            1,77,000
```

வரி இல்லை. 3,15,328 முழுவதும் ரீஃபண்ட். உங்கள் பேரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் ஃபார்ம் 26AS-ல் இதே தொகை டி.டி.எஸ். ஆக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வங்கிக் கணக்கு வருமான வரி போர்ட்டலில் சரிபார்க்கப்பட்டிருப்பதையும் உறுதி செய்துகொண்டு தாக்கல் செய்யுங்கள். முன்பே தவறாகத் தாக்கல் செய்திருந்தால், திருத்திய ரிட்டர்ன் போட உரிய கெடுவுக்குள் 139(5) பிரிவில் போடலாம்.

ரிட்டர்னோடு எந்தக் காகிதமும் இணைப்பதில்லை. ஆனால் தாக்கல் செய்யும் முன்பே ஒரு கோப்பு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்: செட்டில்மெண்ட் ஷீட், கடைசி பத்து மாதச் சம்பள ரசீதுகள், பணி விடுவிப்புக் கடிதம், விடுப்பு இருப்பு எத்தனை நாள் என்று எச்.ஆர். கொடுத்த கடிதம். இதில் கடைசிக் காகிதம்தான் பின்னால் கிடைக்கக் கடினம். ஓய்வு பெறும் வாரத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

நான்காம் படி: கேள்வி வந்தால்

ஃபார்ம் 16-ல் பூஜ்யம், ரிட்டர்னில் 18,97,000. வரித்துறையின் கணினி இந்த வித்தியாசத்தைப் பார்த்து 143(1)(a) பிரிவில் ஒரு கடிதம் அனுப்பலாம். அது வரிக் கோரிக்கை அல்ல. விலக்கை நீக்கிக் கணக்கிடப் போகிறோம், உங்கள் பதில் என்ன என்று கேட்கும் முன்மொழிவு. பதில் சொல்ல 30 நாள். சொல்லாமல் விட்டால் அவர்கள் சொன்ன கணக்கே நின்றுவிடும். மெயில் சில சமயம் ஸ்பாமில் போய் விழும். அதனால் தாக்கல் செய்த பிறகு அவ்வப்போது போர்ட்டலில் நேரடியாகவே பாருங்கள்.

```
Pending Actions → e-Proceedings
```

கடிதத்தைத் திறந்து, எந்த வரியில் எந்தத் தொகையை மாற்றச் சொல்கிறார்கள் என்று முதலில் படியுங்கள். பயத்தில் ஒப்புக்கொள்வதாகக் கிளிக் செய்துவிடாதீர்கள். ஒப்புக்கொண்டால் ரீஃபண்ட் போய்விடும். மறுப்பைத் தேர்ந்து, காரணத்தை எழுத வேண்டும். அந்தப் பதிலில் மூன்று விஷயம் தெளிவாக இருந்தால் போதும். ஒன்று, மொத்தச் சம்பளம் 21,19,000 ரிட்டர்னில் முழுவதும் காட்டப்பட்டிருக்கிறது என்பது. இரண்டு, நிறுவனம் ஃபார்ம் 16-ல் விலக்கு தரவில்லை, ஆனால் பிரிவு 10(10)(ii), 10(10AA)(ii) படி விலக்கு கிடைக்கும் என்பது. மூன்று, சேர்ந்த தேதி, ஓய்வுத் தேதி, கடைசிச் சம்பளம், பத்து மாதச் சராசரி, விடுப்பு நாள், இரண்டு கணக்குகளும். முன்பு எந்த நிறுவனத்திலும் இந்த விலக்கைப் பெறவில்லை என்றால் அதையும் ஒரு வரியில் சேருங்கள். கோப்பு இணைக்க இடம் இருந்தால் மேலே சொன்ன காகிதங்களை ஒரே பி.டி.எஃப். ஆக இணைக்கலாம். அனுப்பியதும் கிடைக்கும் ஒப்புகை எண்ணைச் சேமித்து வையுங்கள்.

பதில் கொடுத்தும் விலக்கை நீக்கி 143(1) ஆணை வந்தால், 154-வது பிரிவில் திருத்தம் கேட்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை: அப்பீல் போக ஆணை கிடைத்ததிலிருந்து 30 நாள்தான், திருத்த மனு போட்டிருப்பதால் அந்த நாள் நீளாது. தொகை பெரிதாக இருந்தால் திருத்த மனுவோடு நிற்காமல், 30 நாளுக்குள் ஃபார்ம் 35-ல் அப்பீலும் போட்டுவிடுவதுதான் பாதுகாப்பு என்பது என் கருத்து.

ரீஃபண்ட் வரும்போது 244A பிரிவின்படி மாதம் அரை சதவீதம் வட்டியும் சேர்ந்து வரும். அந்த வட்டி மட்டும் வரிக்கு உட்பட்டது. பணம் வந்த ஆண்டின் ரிட்டர்னில் இதர வருமானத்தில் காட்ட வேண்டும்.