வாய்மொழி வினாவிடை: மூன்று கப், மூன்று படி

தரம் 8 விஞ்ஞான வகுப்பில், 36 பிள்ளைகளோடு, 40 நிமிடப் பாடவேளையில் நான் செய்யும் முறை இது. கடைசிப் பத்து நிமிடம் போதும்.

முதலில் பொருட்கள். கழுவிய யோகட் கப் மூன்று, ஐஸ்கிரீம் குச்சி 108. ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் மூன்று குச்சியில் எழுதி, கப் ஒன்றுக்கு ஒன்றாகப் போடுங்கள். கப்பின் மேல் ஞாபகம், விளக்கம், சவால் என்று எழுதுங்கள். போனில் பெயர் எடுக்கும் செயலிகளும் இருக்கின்றன, ஆனால் எனக்குக் குச்சிதான் பிடிக்கும். குலுக்குவதையும் எடுப்பதையும் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள்.

ஏன் மூன்று கப்? முன்பு ஒரே கப்தான் வைத்திருந்தேன். எல்லாருக்கும் முறை வந்தது. ஆனால் மாதக் கடைசியில் குறிப்பைப் பார்த்தபோது, பின்வரிசையில் இருந்த நான்கு பேருக்கு வரைவிலக்கணம் சொல்லும் கேள்வி மட்டுமே போயிருந்தது. மெல்லப் படிக்கிற பிள்ளையின் பெயர் வந்தால் என் கை தானாகவே கேள்வியை இலேசாக்கியிருக்கிறது. முறையின் எண்ணிக்கை சமமாக இருந்தது, கேள்வியின் தரம் சமமாக இல்லை. மூன்று கப் வைத்த பிறகு அந்த வழி அடைபட்டது. இன்னொன்று, ஞாபகக் கேள்விக்குப் பதில் சொன்ன பிள்ளை “என் முறை முடிந்தது” என்று சாய்ந்து உட்கார முடியாது. அவர் பெயர் மற்றக் கப்புகளில் இன்னும் இருக்கிறது.

இனி கேட்கும் விதம். கேள்வியை முதலில் முழு வகுப்புக்கும் சொல்லுங்கள், மனதுக்குள் மூன்று எண்ணுங்கள், அப்புறம்தான் குச்சியை எடுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற 35 பேரும் யோசிப்பதை விட்டுவிடுவார்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் இதை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன் அளவே பொறுத்திருந்தார்கள். அதை மூன்று செக்கனாக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன.

ஒரு சுற்றில் ஞாபகக் கேள்விக்கு மூன்று பேர், விளக்கத்துக்கு இருவர், சவாலுக்கு ஒருவர். எங்கள் ஆவியாதல் பாடத்தில் அது இப்படிப் போனது.

ஞாபகம்: “ஆவியாதல் என்றால் என்ன? கொதித்தலிலிருந்து எதில் வேறுபடுகிறது?” இங்கே நேரம் செலவழிக்க வேண்டாம்.

இரண்டாம் படிதான் என்னை நெடுநாள் தடுக்கியது. “ஆவியாதலை விளக்குங்கள்” என்பேன். கொப்பியில் எழுதிக் கொடுத்த வசனம் அப்படியே திரும்பி வரும். அது இன்னும் ஞாபகம்தான். பதிலில் உங்கள் குறிப்பின் சொற்களே வரிசை மாறாமல் வந்தால், நீங்கள் படி ஏறவில்லை என்று பொருள். கொப்பியில் இல்லாத ஒரு பொருளைக் கையில் கொடுத்து ‘ஏன்’ கேட்க வேண்டும். நான் கேட்டது: “மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது?” ஒரு பிள்ளை “மண் குளிர்ச்சி மிஸ்” என்றார். பிழை என்று சொல்லாமல், “பானையின் வெளிப்பக்கம் தொட்டால் எப்படி இருக்கும்?” என்றேன். “ஈரம்.” அங்கிருந்து அடுத்த பிள்ளை பிடித்துக்கொண்டார்: நுண்துளை வழியே கசிகிற நீர் ஆவியாகிறது, ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது.

சவால் என்பது கடினமான தகவல் கேட்பதல்ல. அதே விளக்கத்தில் ஒன்றை மாற்றிப் பார்ப்பது. “வெளிப்பக்கம் முழுக்கப் பெயின்ட் பூசினால்?” துளை அடைபடும், நீர் கசியாது, வாய்ப்பக்கத்தால் மட்டுமே ஆவியாகும், குளிர்ச்சி குறையும். பதில் வந்ததும், “அதை எப்படிச் சோதிப்பாய்?” என்று கேளுங்கள். இரண்டு பானை, ஒரு வெப்பமானி என்று பிள்ளையே சொல்லும். அன்று, வவுனியாவிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை கை உயர்த்தி, “எங்கட வீட்டுப் பானை இதைவிடக் குளிரும் மிஸ், ஏன்?” என்றார். எங்கள் கொழும்புக் காற்றில் ஈரப்பதன் கூட, அதனால் ஆவியாதல் மெதுவாகிறது என்று வகுப்பே கண்டுபிடித்தது. அந்தக் கேள்வியை இப்போது ஒவ்வொரு வருடமும் சவால் கப்புக்குக் கேட்கிறேன்.

பதில் தெரியாத பிள்ளை “கொஞ்சம் பொறுங்க மிஸ்” என்று சொல்லலாம். குச்சி மேசையில் இருக்கும். வேறு இருவரிடம் கேட்டுவிட்டு அவரிடமே திரும்பிப் போங்கள், தன் சொல்லில் சொல்லட்டும். திரும்பிப் போக மறந்தால் அந்த வசனம் தப்பிக்கும் வழியாகிவிடும்.

கணக்கு: ஒரு பாடவேளைக்கு இரண்டு சுற்று, வாரம் நான்கு பாடவேளை என்றால் சவால் கப் காலியாக ஐந்து வாரம் வரை ஆகும். ஞாபகக் கப் ஒன்றரை வாரத்தில் முடியும், முடிந்ததும் மீண்டும் நிரப்புங்கள்.

பின்சேர்க்கை: திக்கிப் பேசும் பிள்ளைக்கு என்ன செய்வது என்று ஓர் ஆசிரியை கேட்டிருந்தார். அந்தப் பிள்ளையின் குச்சியைக் கப்பிலிருந்து அகற்றிவிடாதீர்கள். விளக்கம், சவால் இரண்டுக்கும் குச்சி எடுக்குமுன் எல்லாரும் பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசட்டும். ஒருமுறை சொல்லிப் பார்த்த பதிலோடு அவர் எழும்புவார். அவர் முடிக்கும்வரை இடையில் யாரும் சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது, நீங்களும்தான்.